எட்டாவது பிரிவுக்கு விளக்கம் கேட்டு

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அந்தக் கடிதம் வந்தது. நீளமான வெள்ளை உறை, நீல மை, மூலையில் ஒட்டிய தபால்தலை. மயிலாப்பூரில் போட்டது கே.கே. நகருக்கு வந்துசேர மூன்று நாள் எடுத்துக்கொண்டிருந்தது. என் பெயரை யாரோ கையால் எழுதிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தபடி வாசலிலேயே நின்று பிரித்தேன்.

எழுதியவர் எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் குடியிருப்பவர். அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். ஒரே மகள், ப்ளஸ் டூ.

"மதிப்புக்குரிய மேடத்துக்கு வணக்கம். வீடு சௌகரியமாக இருக்கிறது. சமையலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்ததற்கு நன்றி. வாடகை ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவில் லாக்-இன் பீரியட் ஆறு மாதம் என்று உள்ளது. இதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. கீழ்க்கண்டவற்றுக்கு விளக்கம் தர வேண்டுகிறேன்.

ஒன்று. ஆறு மாதத்துக்குள் நான் காலி செய்தால் மீதி மாதங்களின் வாடகையைத் தர வேண்டும் என்று இருக்கிறது. சரி. அதே ஆறு மாதத்துக்குள் நீங்களும் என்னைக் காலி செய்யச் சொல்ல முடியாது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு. ஆறு மாதம் எப்போதிலிருந்து? ஆனியில் கையெழுத்துப் போட்டுப் பால் காய்ச்சினோம். ஆடி குறுக்கே வந்ததால் ஆவணியில்தான் சாமான் ஏற்றி வந்தோம். முதல் கணக்குப்படி ஜனவரி பத்தாம் தேதி முடிகிறது. இரண்டாவது கணக்குப்படி பிப்ரவரி பதினெட்டு.

மூன்று. ஒன்பதாவது பிரிவில் இரு தரப்புக்கும் இரண்டு மாத நோட்டீஸ் என்று உள்ளது. இதை லாக்-இன் காலத்துக்குள்ளேயே கொடுக்கலாமா, முடிந்த பிறகுதான் கொடுக்கலாமா? முடிந்த பிறகு என்றால் மார்ச் பத்தாம் தேதி வருகிறது. அப்போது மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும்.

நான்கு. பதினேழாவது பிரிவின்படி இரவு ஒன்பது மணிக்குள் மூட வேண்டிய கேன்டீன் நம் வீட்டில் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும்."

சிரித்தேன். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அலமாரியைக் குடைந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். பதினேழாவது பிரிவு இருந்தது. கேன்டீனும் இருந்தது. வாழ்நாளெல்லாம் சொற்களோடு மல்லுக்கு நிற்கிறவள், ஒரு காற்புள்ளிக்காக ஒரு மாலையையே தொலைக்கிறவள், ஆறு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வீட்டைப் பிடித்துக் கொடுத்த தரகருக்கு போன் போட்டேன். மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் டீக்கடை வாசலையே ஆபீஸாக வைத்திருப்பவர்.

"இன்னா மேடம், லெட்டரா? ஒரே ஊர்ல கீறாங்க, அவங்கள்ட்ட போன் இல்லியா?"

"கேன்டீன் எப்படி வந்துச்சு?"

"அது தரமணில ஒரு கம்பெனிக்குப் போட்ட அக்ரிமென்ட்டு மேடம். பேரு, அட்ரஸு, வாடகை மட்டும் மாத்தி அடிச்சிட்டாங்க. எவன் மேடம் பதினேழாவது பாயின்ட்டு வரைக்கும் படிச்சிக்கினு கீறான்?"

"அவங்க படிச்சிருக்காங்க."

"டீச்சருக்கு வூடு வேணாம்னு அப்பவே நெனச்சேன்."

"லாக்-இன் போடச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா, நான்தான். பில்டர் மேட்டர் காதுல வுழுந்து அவங்க பாதில கெளம்பிட்டா ஒங்களுக்குத்தானே நஷ்டம்? அவங்க போவ முடியாது, நாம அனுப்பலாம். ஒரு பக்கம் மட்டும் தொறக்கற கதவு மேடம். நல்லதுதானே பண்ணேன்?"

நல்லதுதான். எனக்கு நல்லது. போனை வைத்துவிட்டு ஹாலிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து ஹாலுக்கும் நடந்தேன். உட்கார்ந்தபடி யோசிக்க எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

பில்டர் மேட்டரைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தில் மொத்தம் எட்டு வீடு. நாற்பது வருஷக் கட்டடம். கூரையில் கம்பி தெரிகிறது, மழை வந்தால் மாடிப்படியில் நீர் வழிகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் பேசிக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும், காலி வீடாகச் சாவி கொடுக்க வேண்டும். தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று வைகாசியிலேயே பேச்சு. டீச்சர் வீடு பார்க்க வந்தது ஆனியில். "இதெல்லாம் சொன்னீங்கன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க மேடம்" என்றார் தரகர். நான் சொல்லவில்லை. இன்னும் முடிவாகவில்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத் தெருவுக்குப் போனேன். எங்கள் ஒப்பந்தத்தை அடித்துக் கொடுத்த கடை அங்கேதான். கடைக்காரர் ராயப்பேட்டைப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அம்மாவுடன் போனில் உருது பேசிக்கொண்டே தமிழில் தட்டச்சு செய்வார், இரண்டிலும் பிழை விழாது. கேன்டீனைக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, மன்னிச்சிருங்க மேடம். புரோக்கர் அண்ணன் பழைய ஃபைலைக் குடுத்து பேர் மட்டும் மாத்துன்னார். நானும் அவசரத்துல விட்டுட்டேன்."

"கேன்டீன் போகட்டும். லாக்-இன்னா என்ன? எனக்குப் பதில் எழுதணும்."

"இவ்ளோதான் மேடம். அந்த மாசங்கள் முடியறவரைக்கும் கட்டுப்பட்டவங்க ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது. முறிச்சா மீதி மாசத்துக்கு ஈடு குடுக்கணும். யார் கட்டுப்பட்டவங்கன்னு அதுல எழுதியிருக்கறதுதான் கணக்கு. ரெண்டு பேர்னு எழுதினா ரெண்டு பேரும். இதுல குடியிருக்கறவங்கன்னு மட்டும் இருக்கு."

"அப்ப நான் நாளைக்கே நோட்டீஸ் குடுக்கலாமா?"

"இந்தப் பேப்பர்படி பார்த்தா, ரெண்டு மாச நோட்டீஸ் குடுக்கலாம். அவங்க ஒத்துக்காம கோர்ட்டுக்குப் போனா சட்டம் வேற பேசும், அதை வக்கீல்கிட்டதான் கேக்கணும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கே குடுக்கப் போறீங்களா மேடம்?"

"இல்லம்மா."

"எப்போதிலிருந்துன்னு கேட்டிருக்காங்கல்ல, அது பால் காய்ச்சின தேதியும் இல்ல, சாமான் வந்த தேதியும் இல்ல. வாடகைக் காலம் ஆரம்பம்னு முதல் பக்கத்துல போட்டிருக்கே, அதான். நோட்டீஸ் உள்ளேயா வெளியேயான்னு இதுல தெளிவாவே இல்ல. அது எங்க தப்பு. நல்லாக் கேட்டிருக்காங்க. டீச்சரா?"

"கணக்கு டீச்சர்."

"அதான பார்த்தேன்."

வெளியே வந்தும் ஆட்டோ பிடிக்கவில்லை. லஸ் முனை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வெயில் தலையில் தட்டியது. பூக்கடை, பாத்திரக்கடை, பழைய புத்தகக்கடை எல்லாம் இரண்டு தடவை என்னைக் கடந்தன. நடக்க நடக்க தி. நகர் வீடு கிளம்பி வந்தது.

நாங்கள் வாடகைக் குருவிகள். மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் பனகல் பூங்காவுக்கும் நடுவில் எத்தனை தெரு உண்டோ அதில் பாதியில் குடியிருந்திருக்கிறோம். எந்த வீட்டுக்கும் ஒப்பந்தம் கிடையாது. அட்வான்ஸ் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு, அதுவும் சில பேர் தருவதில்லை. ஆணி அடிக்கக் கூடாது, ஒன்பது மணிக்குமேல் மோட்டார் போடக் கூடாது, துணியை முன்பக்கம் காயப்போடக் கூடாது. சட்டமெல்லாம் வீட்டுக்கார அம்மாவின் வாயில் இருந்தது. ஆனாலும் அந்த வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சில் ஓர் ஈரம். அடிபம்பில் வரிசை நின்றுகொண்டே அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைக் கேள்வி கேட்டுப் பாடம் ஒப்பிக்க வைத்தது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தின் இரைச்சல் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மொட்டை மாடி வரை ஏறி வந்தது. புது வீட்டில் முதல் ராத்திரி, விசிறி மாட்டாத கூரையைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் வரிசையாகப் படுத்தபடி, எந்தப் பக்கம் ஜன்னல் என்று இருட்டில் பந்தயம் கட்டினது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணம், மருமகள் வருகிறாள், போர்ஷன் வேண்டும். நல்ல மனிதர். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வைத்துவிட்டுப் போனார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். அடுத்தவர் எழுத்தில் பிழை காண்பவருக்குத் தன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லக் காகிதமும் இல்லை. இரண்டு வாரத்தில் கோடம்பாக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். புவியியலை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து படித்தேன். வரைபடப் புத்தகம் எந்த மூட்டையில் என்று கடைசி வரை தெரியவில்லை. தேர்வில் இந்தியாவின் மேற்குக் கரையை மனசிலிருந்தே வரைந்தேன், அது இலங்கைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அப்பா கடன் வாங்கி மயிலாப்பூர் ஃப்ளாட்டை வாங்கினார். சாவி கைக்கு வந்த அன்றைக்கு அவர் செய்த முதல் காரியம், ஹால் சுவரில் எதற்கும் உதவாத இடத்தில் ஓர் ஆணி அடித்தது. எதையும் மாட்டவில்லை. சும்மா அடித்தார். அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கும். இருவரும் போன பிறகு ஃப்ளாட் எனக்கும் தம்பிக்குமாக வந்தது. அவன் சிங்கப்பூரில். எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இதுல என்ன யோசனை? ஆறு மாசம் ஜனவரியில முடியுது. தையில சைன். கணக்கு கரெக்டா வருதுல்ல?"

"அந்தப் பொண்ணுக்குப் பரீட்சைடா."

"மத்த ஏழு வீட்டுக்காரங்களும் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா? பில்டர் வேற இடத்துக்குப் போயிட்டா?"

"போக மாட்டார். மயிலாப்பூர்ல மண்ணு கிடைக்கறதே கஷ்டம்."

"நீ எமோஷனல் ஆகறே."

"ஆமா."

"கோடம்பாக்கம் வீடு ஞாபகம் வந்துருச்சா?"

அங்கே ஏதோ விமான அறிவிப்பு கேட்டது. வழியனுப்பவோ வரவேற்கவோ போயிருப்பான் போல. "அன்னிக்கு உன் அட்லஸ் என் மூட்டையிலதான் இருந்துச்சுக்கா" என்றான். "நீ அடிப்பேன்னு சொல்லலை." பிறகு, "ஏப்ரல் வரைக்கும்தான். அதுக்கு மேல கேக்காதே."

பதிலை எழுதிக்கொண்டேன். தபாலில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டீச்சர் பள்ளியிலிருந்து வந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நேரிலேயே போனேன். கதவைத் திறந்தது மகள். டீச்சர் உள்ளே காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தார். என் பெற்றோர் வீட்டுக்குள் விருந்தாளியாக உட்கார்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தேன்.

"கேன்டீனைத் தேடி வந்தீங்களா ஆன்ட்டி?" என்றாள் மகள். "பத்து நாளா நானும் அம்மாவும் தேடறோம்."

"நீ போய்ப் படி" என்றார் டீச்சர்.

பதிலை நீட்டினேன். எட்டாவது பிரிவு உங்களை மட்டும் கட்டுகிறது, என்னைக் கட்டவில்லை. ஆறு மாதம் ஆனியில் தொடங்கியது. மூன்றாவது கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை. கேன்டீன் கிடையாது. டீச்சர் நிதானமாகப் படித்தார். விடைத்தாள் திருத்துகிற கண்.

"நேர்மையா எழுதியிருக்கீங்க" என்றார். குரலில் பாராட்டு இல்லை. "ஆனா முக்கியமானதை எழுதலையே மேடம்."

"என்ன?"

"ஆவணி கடைசியில ரெண்டு பேர் வந்து மாடிப்படியையும் கார் நிறுத்தற இடத்தையும் டேப் வெச்சு அளந்தாங்க. கீழ்வீட்டு மாமி, உங்களுக்குத் தெரியாதா, கட்டடத்தை இடிக்கப் போறாங்கன்னாங்க. அன்னிக்குத்தான் அக்ரிமென்ட்டை எடுத்து முதல்லேர்ந்து படிச்சேன்."

காபி டம்ளர் எனக்குச் சுட்டது. கீழே வைத்தேன்.

"அப்ப ஏன் என்னை நேரா கேக்கலை?"

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. வாயால சொல்றது காத்தோட போயிரும். எழுத்துல கேட்டா எழுத்துல பதில் வரும்னு நெனச்சேன். நாலு வருஷத்துல மூணு வீடு மேடம். ஒருத்தர் வித்துட்டார். இன்னொருத்தருக்கு மக அமெரிக்காவிலேர்ந்து வந்துட்டா. ஒவ்வொரு தடவையும் இவ புது ரூம்ல உக்காந்து பழகவே ரெண்டு மாசம் ஆகும். வீடு குடுக்கும்போதே நீங்க சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. உள் அறையில் புத்தகம் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"தப்புதான்" என்றேன். "எட்டாவது பிரிவை மாத்திக்கலாம். ஏப்ரல் முப்பது வரைக்கும் லாக்-இன். ரெண்டு பேருக்கும். அதுக்குள்ள நானும் நோட்டீஸ் குடுக்கக் கூடாது."

"எனக்கு வேணாம்" என்றார் அவர். "எனக்கு எதுக்கு லாக்-இன்? இடிக்கப் போற வீடு. நாளைக்கே ஒரு நல்ல வீடு கிடைச்சா நான் போகணுமா வேணாமா? உங்களை மட்டும் கட்டுங்க. இத்தனை நாள் என்னை மட்டும் கட்டியிருந்துச்சே."

உள்ளேயிருந்து மகள் சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. வெளியே மாட வீதிப் பக்கம் ஏதோ கடைக்காரன் விலை கூவிக்கொண்டிருந்தான்.

"ஒரு மாச நோட்டீஸ் மட்டும் குடுங்க" என்றேன் கடைசியில்.

"அது குடுப்பேன். எழுத்துலயே."

ராயப்பேட்டைப் பெண் புதிய முத்திரைத்தாளில் இணைப்பு ஒப்பந்தம் அடித்துக் கொடுத்தார். எட்டாவது பிரிவு நீக்கப்படுகிறது. வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை, ஏப்ரல் முப்பதுக்கு முன் முடியும் எந்த நோட்டீஸையும் வீட்டின் உரிமையாளர் கொடுக்கக் கூடாது. குடியிருப்பவர் ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். பதினேழாவது பிரிவும் நீக்கப்படுகிறது. "முப்பதுக்கு முன் முடியும்" என்பதை டீச்சர் அங்கேயே நின்று சேர்க்கச் சொன்னார். இல்லாவிட்டால் மே மாதம் வரை நோட்டீஸே கொடுக்க முடியாது, அது உங்களுக்கு நியாயமில்லை என்றார். சாட்சிக்கு ஒரு பக்கம் தரகர். "இன்னா மேடம், ஓனர் கைய நீங்களே கட்டிக்கினீங்க" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தையில் எட்டு வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் நான் மட்டும் ஏப்ரல் என்றேன். முதல் மாடிக்காரர் மேசையைத் தட்டினார். கீழ்வீட்டு மாமி, "எனக்கும் ஏப்ரல்தான் சௌகரியம், பேரனுக்குப் பூணூல் இங்கே பண்ணிண்டு போகலாம்னு இருக்கேன்" என்றார். இரண்டு பேர் ஆனோம். பில்டர் எங்கேயும் போகவில்லை.

அந்த மாதங்களை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். மார்கழியில் ஒரு விடியற்காலை ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். இரண்டாவது மாடியில், அப்பா அம்மா படுத்த அறையில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கில் எனக்கு உரிமை ஏதும் இல்லை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியாது. ஆனாலும் நின்றேன். இடிக்கப் போகிற வீடு பூட்டிக் கிடந்து சாகவில்லை, கடைசி மாசங்களிலும் குக்கர் விசில் அடிக்கிறது, யாரோ யாரையோ எழுப்புகிறார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த அவகாசம் என்று நினைத்திருந்தேன். தெருவில் நின்றபோது அது எனக்குக் கிடைத்ததாகத் தெரிந்தது.

மார்ச்சில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த நான்காம் நாள் டீச்சரின் ஒரு மாத நோட்டீஸ் வந்தது. நீல மை, தபாலில். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில், வேதியியல் மட்டும் கொஞ்சம் கஷ்டமாம்.

அவர்கள் அடையாறில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். மே மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. பின்னணியில் சாமான் இழுக்கும் சத்தம்.

"மேடம், புது ஓனர் பதினொரு மாசமும் லாக்-இன் கேட்டார். உங்களுக்கும் சேர்த்துத்தானேன்னு கேட்டேன். எழுதிக் குடுக்கறேன்னு சொல்லிட்டார்."

"இடிக்கற யோசனை ஏதாவது இருக்கான்னு கேட்டீங்களா?"

"அதை முதல்லயே கேட்டேன்" என்றார். "இந்தத் தடவை நேராவே."